12 பெரிதா, 18 பெரிதா? கடன் வட்டியைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு

என் சித்தி மகள் வீட்டு ஓட்டுக்கூரையை மாற்ற ஒரு லட்சம் ரூபாய் கடன் தேடிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி “12 சதவீதம் பிளாட், 12 மாதத் தவணை” என்று எழுதிக் கொடுத்திருந்தது. ஒரு வங்கி “18 சதவீதம், 12 மாதத் தவணை” என்றது. “இதுல யோசிக்க என்ன இருக்குண்ணா? பன்னெண்டு எங்க, பதினெட்டு எங்க!” என்றாள்.

தவணைத் தொகையைப் பார்க்கச் சொன்னேன். ஃபைனான்ஸில் மாதம் 9,333 ரூபாய். வங்கியில் மாதம் 9,168 ரூபாய். காகிதத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, வங்கிக்காரர் தப்பாக அச்சடித்துவிட்டார் என்று முடிவுக்கு வந்தாள்.

அச்சு சரிதான். 18 சதவீதக் கடன்தான் மலிவு. அது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பள்ளிக்கூடத்தில் தனிவட்டி, கூட்டுவட்டி இரண்டுக்கும் சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு வாங்கும் கடன் அந்த இரண்டு கட்டத்துக்குள்ளும் ஒழுங்காக உட்காருவதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வட்டி என்பது வாடகை

விசேஷ வீட்டுக்கு நாற்காலி வாடகைக்கு எடுக்கிறோம். வாடகை எதைப் பொறுத்தது? எத்தனை நாற்காலி, எத்தனை நாள், ஒன்றுக்கு எவ்வளவு. இந்த மூன்றும்தான். பணத்துக்கும் அதேதான். வாங்கிய பணம் அசல். அதற்குக் கொடுக்கும் வாடகை வட்டி. நூறு ரூபாய்க்கு ஒரு வருடத்துக்கு எவ்வளவு வாடகை என்பது வட்டி விகிதம்.

நம் ஊர்ப் பேச்சில் “ஒரு வட்டி”, “ரெண்டு வட்டி” என்பது நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். வங்கி சொல்வது வருடக் கணக்கு. அதனால் “ரெண்டு வட்டிதான், வங்கியில் பத்து வாங்குறான்” என்று சொல்பவரிடம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அவருடைய ரெண்டு, வருடத்துக்கு 24.

கட்டாத வாடகை என்ன ஆகும்?

தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. கட்டாத வட்டியைத் தனியாக ஓரமாக எழுதி வைத்தால் அது தனிவட்டி. எத்தனை வருடம் ஆனாலும் முதலில் வாங்கிய அசலுக்கு மட்டுமே வட்டி ஓடும். கட்டாத வட்டியை அசலோடு சேர்த்து, அடுத்த முறை அந்த மொத்தத்துக்கும் வட்டி போட்டால் அது கூட்டுவட்டி. வட்டி குட்டி போடுகிறது என்பார்களே, அது இதுதான்.

ஒரு லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கி, ஐந்து வருடம் ஒரு பைசாகூடக் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். தனிவட்டியானால் மாதம் 2,000 வீதம் 60 மாதத்துக்கு 1,20,000. அசலோடு சேர்த்து 2,20,000 ரூபாய். மாதாமாதம் வட்டியை அசலில் சேர்த்தால் அதே கடன் 3,28,103 ரூபாய். விகிதம் மாறவில்லை, காலம் மாறவில்லை. எழுதிய இடம் மட்டும் மாறியிருக்கிறது.

புரோநோட்டு எழுதிக் கடன் வாங்குகிறவர்கள் “எனக்குத் தனிவட்டிதான்” என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். நோட்டில் அப்படித்தான் இருக்கும். ஆனால் காலவரையறைச் சட்டப்படி நோட்டின் மீது வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம். அதனால் மூன்று வருடம் முடிவதற்குள் கடன் கொடுத்தவர் நோட்டை மாற்றி எழுதச் சொல்வார். அப்போது பாக்கி வட்டியையும் அசலில் சேர்த்துப் புது நோட்டு எழுதினால், கூட்டுவட்டி என்ற சொல் எங்கும் வராமலே கூட்டுவட்டி வந்துவிடுகிறது. ரெண்டு வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சம், மூன்று வருடம் வட்டி கட்டாமல் விட்டால் 1,72,000 ரூபாய் நோட்டாகிறது. மாத வட்டி 2,000-லிருந்து 3,440 ஆகிறது. அடுத்த மூன்று வருடமும் கட்டாவிட்டால் மொத்தம் 2,95,840. உண்மையான தனிவட்டி என்றால் 2,44,000-தான் இருந்திருக்கும். நோட்டு மாற்றும்போது புதிய அசல் என்ன என்று எழுதுகிறார்கள், அதில் பழைய வட்டி எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதால் நடப்பது இது.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பாக்கி நிற்கும் வட்டிக்குத்தான் தனிவட்டி, கூட்டுவட்டி என்ற பேதம். வட்டியை அவ்வப்போது முழுதாகக் கட்டிவிட்டால் குட்டி போட அங்கே ஒன்றும் இல்லை.

அப்படியானால் மாதத் தவணைக் கடன் எந்த வகை?

“வீட்டுக் கடனுக்கு பேங்க்காரன் கூட்டுவட்டி போடுறான்” என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தவணையை நாள் தவறாமல் கட்டுகிறவருக்கு இது சரியான பேச்சு அல்ல.

மாதத் தவணை, அதாவது இ.எம்.ஐ., என்பது எல்லா மாதமும் ஒரே தொகை. அதற்குள் இரண்டு பங்கு இருக்கிறது. முதலில் அந்த மாத வட்டி முழுவதும் கழிகிறது. மீதி அசலைக் குறைக்கிறது. அடுத்த மாதம் குறைந்த அசலுக்கு மட்டுமே வட்டி. இதைக் குறையும் அசல் முறை என்போம்.

சித்தி மகளின் வங்கிக் காகிதத்தையே எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 18 என்றால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம். முதல் மாதம் ஒரு லட்சத்துக்கு வட்டி 1,500. அவள் கட்டும் 9,168-ல் அது போக 7,668 அசலில் கழிகிறது. பாக்கி 92,332. இரண்டாம் மாதம் இந்த 92,332-க்கு ஒன்றரை சதவீதம் 1,385. அசலில் 7,783 கழிந்து பாக்கி 84,549. மூன்றாம் மாத வட்டி 1,268. இப்படியே இறங்கி, கடைசி மாத வட்டி வெறும் 135 ரூபாய்ச் சொச்சம். பன்னிரண்டு மாத வட்டியையும் கூட்டினால் 10,016.

இதில் எந்த மாதமும் வட்டி பாக்கி நிற்கவில்லை. ஆகவே வட்டிக்கு வட்டி விழவில்லை. தவணையைத் தவறவிட்டால் கதை மாறும்.

அது எப்படி மாறும் என்பதை நாடே ஒருமுறை பார்த்தது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, கொரோனா காலத்தில், ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தள்ளிவைத்தது தவணையைத்தான், வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிய வட்டி அசலில் சேர்ந்தது. வட்டிக்கு வட்டி நியாயமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2020 அக்டோபரில் மத்திய அரசு, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, அந்த ஆறு மாதத்துக்கான கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானே தருவதாக அறிவித்தது. ஒழுங்காகக் கட்டியவர்கள் கணக்கிலும் அந்தத் தொகை வரவு வைக்கப்பட்டது.

வங்கிச் செய்தியைப் பார்த்துப் பலர் “இவ்வளவுதானா!” என்றார்கள். 20 லட்சம் வீட்டுக் கடன், 8 சதவீதம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாதத் தனிவட்டி 80,000. மாதாமாதம் சேர்த்தால் 81,345. வித்தியாசம் 1,345 ரூபாய்தான். கூட்டுவட்டி குறுகிய காலத்தில் பெரிதாகக் கடிக்காது. வருடக்கணக்கில் விட்டால்தான் மேலே பார்த்த புரோநோட்டு மாதிரி வளரும்.

பிளாட் என்ற சொல்லில் ஒளிந்திருப்பது

இப்போது ஃபைனான்ஸ் காகிதத்துக்கு வருவோம். பிளாட் வட்டி என்றால், கடன் முடியும் வரை முதலில் வாங்கிய முழு அசலுக்கும் வட்டி போடுவது. ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம், வருடத்துக்கு 12,000. இரண்டையும் கூட்டி 1,12,000. பன்னிரண்டால் வகுத்தால் 9,333.

பார்க்க அப்பழுக்கில்லாத தனிவட்டி மாதிரி இருக்கிறது. வட்டிக்கு வட்டி எங்கேயும் இல்லை. பிறகு எங்கே இடிக்கிறது?

நாற்காலிக்கே திரும்புவோம். நூறு நாற்காலி பன்னிரண்டு நாளைக்கு எடுத்தீர்கள். தினமும் எட்டோ ஒன்பதோ திருப்பி அனுப்பிக்கொண்டே வருகிறீர்கள். கடைசி நாள் உங்கள் வீட்டில் இருப்பது எட்டே நாற்காலி. ஆனால் பில்லில் பன்னிரண்டு நாளும் நூறு நாற்காலி வாடகை. அந்தக் கடைக்காரரிடம் நாம் சும்மா இருப்போமா? பணத்தில் மட்டும் இருந்துவிடுகிறோம்.

ஒரு லட்சத்தையும் வருடம் முழுக்க வைத்திருந்து கடைசி நாளில் மொத்தமாக 1,12,000 கொடுத்தால் அது 12 சதவீதம்தான், மறுப்பில்லை. ஆனால் இவள் முதல் மாதத்திலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறாள். வருடம் முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் அவள் கையில் இருக்கும் அசல் சுமார் 56,000 ரூபாய்தான். கொடுக்கும் வட்டி 12,000. அந்த 12,000 என்பது 56,000-ல் எத்தனை சதவீதம்? ஏறக்குறைய 21 அரை. பிளாட் 12 சதவீதம், குறையும் அசல் முறையில் 21.46 சதவீதம் என்பது துல்லியமான கணக்கு. வங்கியின் 18-ஐ இந்த 21.46-ஓடுதான் ஒப்பிட வேண்டும், 12-ஓடு அல்ல.

பேனா இல்லாத இடத்தில் ஒரு குத்துமதிப்பு: ஒன்று முதல் மூன்று வருடத் தவணைக் கடனில், பிளாட் விகிதத்தை 1.8-ஆல் பெருக்குங்கள். குறையும் அசல் விகிதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இருசக்கர வாகனக் கடனுக்கும் வீட்டு உபயோகப் பொருள் கடனுக்கும் கடைக்காரர் வாயில் வருவது பெரும்பாலும் பிளாட் எண்தான். குறையும் அசல் முறைக்கு அவர்கள் சொல்லும் பெயர் டிமினிஷிங். “பிளாட்டா, டிமினிஷிங்கா?” என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். கேட்காவிட்டால் அவராகச் சொல்ல மாட்டார்.

ஆக, வட்டிக்கு வட்டி போட்டால்தான் கடன் கனக்கும் என்றில்லை. திருப்பிக் கொடுத்துவிட்ட அசலுக்கும் வட்டி வாங்கினால் போதும்.

பயனுறு ஆண்டு வட்டி

வருடம் ஒருமுறை வட்டி, மாதாமாதம் வட்டி, காலாண்டுக்கு ஒருமுறை வட்டி என்று விதவிதமாக இருக்கும் கடன்களை ஒரே தராசில் வைக்க ஒரு எண் வேண்டும். அதுதான் பயனுறு ஆண்டு வட்டி. வட்டி எத்தனை தடவை கணக்காகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வருடத்துக்கு ஒரே ஒருமுறை வட்டி போட்டதற்கு ஈடாக எவ்வளவு வரும் என்பதைச் சொல்லும் விகிதம் அது.

செய்முறை எளிது. வருடத்துக்கு 12 சதவீதம், மாதாமாதம் வட்டி என்றால், மாதத்துக்கு 1 சதவீதம். ஒரு லட்சம் முதல் மாத முடிவில் 1,01,000. இரண்டாம் மாதம் அந்த 1,01,000-க்கு ஒரு சதவீதம் 1,010, ஆக 1,02,010. மூன்றாம் மாதம் 1,03,030. இப்படிப் பன்னிரண்டு முறை 1.01-ஆல் பெருக்கினால் 1,12,682. கூடியது 12,682. ஒரு லட்சத்துக்கு அது 12.68 சதவீதம். சொன்ன விகிதம் 12, பயனுறு விகிதம் 12.68.

```
(1 + 0.12/12)^12 - 1 = 0.1268
```

வட்டியை அரையாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 12.36, காலாண்டுக்கு ஒருமுறை என்றால் 12.55, தினமும் சேர்த்தாலும் 12.75-தான். அடிக்கடி சேர்ப்பதால் கூடுவது ஓரளவோடு நின்றுவிடும். அதனால் “டெய்லி வட்டி போடுறாங்களாம்” என்று மட்டும் கேட்டுப் பதற வேண்டாம். ஆண்டு விகிதம் என்ன என்று கேளுங்கள்.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். தவணைக் கடனில் வட்டிக்கு வட்டி விழுவதில்லை என்று இப்போதுதானே சொன்னேன்? பிறகு ஏன் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும்? ஏனென்றால், நீங்கள் வட்டியை வருடக் கடைசியில் அல்லாமல் மாதாமாதம் கொடுக்கிறீர்கள். முதல் மாதம் கொடுத்த பணம் உங்கள் கையிலேயே இருந்திருந்தால் பதினோரு மாதம் வேறு எதற்காவது உதவியிருக்கும். இப்போது அது கடன் கொடுத்தவருக்கு உதவுகிறது, அவர் அதை இன்னொருவருக்குக் கடனாகக் கொடுப்பார். முன்கூட்டியே கொடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைத்தான் இந்தப் பெருக்கல் கணக்கில் சேர்க்கிறது. உங்கள் கடன் புத்தகத்தில் கூடுதலாக எந்த வரியும் ஏறாது.

இதே வழியில் வங்கியின் 18 சதவீதம், மாதம் ஒன்றரை, பயனுறு கணக்கில் 19.56 ஆகிறது. ஃபைனான்ஸின் கடனுக்கு மாத விகிதம் முதலில் தெரிய வேண்டும். 12-ஐப் பன்னிரண்டால் வகுத்து ஒன்று என்று எடுத்தால் தப்பு, அது பிளாட் எண். வாங்கிய தொகையையும் தவணையையும் கொடுத்து மாத விகிதத்தைத் தேட வேண்டும். கையால் செய்தால் ஊகித்து ஊகித்துத்தான் கிட்டே போக முடியும். கணினியில் எந்த விரிதாளிலும் இரண்டே வரி போதும்:

```
=RATE(12, -9333.33, 100000)
=EFFECT(12 * RATE(12, -9333.33, 100000), 12)
```

முதல் வரி தருவது மாத விகிதம், 1.788 சதவீதம். விரிதாள் அதை 2% என்று முழுதாக்கிக் காட்டினால் தசமத்தைக் கூட்டிப் பாருங்கள். இரண்டாம் வரி தருவது பயனுறு ஆண்டு வட்டி, 23.7 சதவீதம். 12 என்று கேட்டுக்கொண்டு உள்ளே போன கடன் இது.

கைக்கு வந்தது எவ்வளவு?

இன்னும் ஒரு படி இருக்கிறது. ஃபைனான்ஸ் காகிதத்தின் அடியில் பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம் என்று இருந்தது. அதாவது 2,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 360. இரண்டையும் பிடித்துக்கொண்டு கணக்கில் போடுவது 97,640. தவணை மட்டும் ஒரு லட்சத்துக்கே. மேலே உள்ள இரண்டாம் வரியில் 100000 இருக்கும் இடத்தில் 97640 என்று போட்டால் பயனுறு வட்டி 29.5 சதவீதமாகிறது. வங்கியும் 1 சதவீதமும் வரியுமாக 1,180 பிடித்தது. அதையும் கழித்தால் வங்கிக் கடன் 22.3 சதவீதம்.

குறுகிய காலக் கடனில் கட்டணம் இப்படித்தான் விகிதத்தைத் தூக்கும். அதே 2,360-ஐ ஐந்து வருடக் கடனில் பிடித்தால் அது பல மாதங்களுக்குப் பரவிச் சிறிதாகிவிடும். முதல் மாத வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு கொடுக்கும் உள்ளூர்க் கடன்களுக்கும் இதே கணக்குதான். பத்திரத்தில் எழுதிய தொகையை விட்டுவிடுங்கள், கைக்கு வந்த தொகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரும் தனிநபர் தவணைக் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கே.எஃப்.எஸ். என்ற முக்கிய விவரத் தாளைக் கட்டாயம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு எண் இருக்கும். வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் செலவு அது, குறையும் அசல் முறையில் கணக்கிட்டது. பெரும்பாலும் மாத விகிதத்தைப் பன்னிரண்டால் பெருக்கிய எண்ணாக இருப்பதால் நாம் போட்ட பயனுறு விகிதத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தெரியும். நம் ஃபைனான்ஸ் கடனுக்கு அப்படிப் போட்டால் 26.1, வங்கிக்கு 20.3. ஏ.பி.ஆரை ஏ.பி.ஆரோடும், பயனுறு வட்டியைப் பயனுறு வட்டியோடும் ஒப்பிடும் வரை பிசகு வராது.

சித்தி மகளுக்கு இந்தச் சதவீதமெல்லாம் அலுத்துவிட்டது. “ரூபாயில சொல்லுண்ணா” என்றாள். ஃபைனான்ஸில் 97,640 வாங்கி 1,12,000 கட்ட வேண்டும், செலவு 14,360. வங்கியில் 98,820 வாங்கி 1,10,016 கட்ட வேண்டும், செலவு 11,196. வித்தியாசம் 3,164 ரூபாய். ஃபைனான்ஸ்காரர் மறுநாளே பணம் போடுவதாகச் சொல்லியிருந்தார், வங்கியில் பத்து நாள் ஆகும். மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். கொஞ்ச நேரம் கூரையை அண்ணாந்து பார்த்தவள், பத்து நாளைக்கு ஒரு தார்ப்பாய் எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கக் கிளம்பினாள்.